தகடு கிலோவுக்கு 3 ரூபாய் குறைஞ்சு வாங்கியும் செலவு கூடியிருக்கு: விலை மாறுபாடு, பயன்பாட்டு மாறுபாடு பிரிச்சதுல சந்தேகம்

வியாசை_கணக்கு · திங்கள் இரவு 9:10

வணக்கம். வியாசர்பாடி எஸ்டேட்ல ஒரு பிரஸ் ஷாப்புக்குக் கணக்கு பார்க்கிறேன். மின்சாரப் பெட்டிக்கு மேல் மூடி அடிக்கிற வேலை. சி.ஆர். தகடு, 1.2 மி.மீ., 2500-க்கு 1250 அளவு. ஒரு தகட்டுல 12 மூடி விழும். ஒரு மூடிக்கு ஸ்டாண்டர்ட் 2.5 கிலோ, கிலோ 70 ரூபாய். ஜிஎஸ்டி சேர்க்கலை, லாரி வாடகை சேர்த்திருக்கு.

போன மாசம் திட்டம் 4,500 மூடி. ஆனது 4,000. ஆரம்ப இருப்பு எதுவும் இல்லை. வாங்கினது 12,000 கிலோ, கிலோ 67 ரூபாய்க்கு (அதே அடிப்படை). செலவானது 10,600 கிலோ.

4,000 மூடிக்கு ஸ்டாண்டர்ட் செலவு 7,00,000. உண்மையில் 10,600 × 67 = 7,10,200. ஆக 10,200 ரூபாய் பாதகம். நான் பிரிச்சது இப்படி:

```
B2=70  C2=67  D2=2.5  E2=4000  F2=10600
=(B2-C2)*F2        -> 31800
=(D2*E2-F2)*B2     -> -42000
```

விலையில 31,800 சாதகம், பயன்பாட்டுல 42,000 பாதகம். கூட்டினா அதே 10,200 வருது. இதை மாசக் கூட்டத்துல வச்சதும், வாங்குற பிரிவுக்குப் பாராட்டு, ஷாப் சூப்பர்வைசருக்குத் திட்டு. அவர் "நான் ஒரு தகடு கூட வீணாக்கலை"ன்னு சத்தியம் பண்றார். என் பிரிப்பு சரியா?

---

சிஎம்ஏ_இண்டர் · திங்கள் இரவு 9:42

மேடம், ரெண்டு இடத்துல தப்பு இருக்குன்னு நினைக்கிறேன்.

முதல்ல, விலை மாறுபாட்டை வாங்கின 12,000 கிலோவுக்குத்தான் போடணும், செலவான 10,600-க்கு இல்லை. 3 × 12,000 = 36,000 சாதகம்.

ரெண்டாவது, திட்டம் 4,500 மூடி. அதுக்கு ஸ்டாண்டர்ட் 11,250 கிலோ. நீங்க 10,600 தான் செலவு பண்ணியிருக்கீங்க. அப்போ 650 கிலோ மிச்சம், 45,500 ரூபாய் சாதகம். சூப்பர்வைசர் சொல்றதுதான் சரி.

---

அடக்கவிலை_தண்டையார் · திங்கள் இரவு 10:25

தம்பி, முதல் பாதியில நியாயம் இருக்கு. ரெண்டாவது பாதியை அப்படியே விட்டுடு.

500 மூடி அடிக்கவே இல்லை. அடிக்காத மூடிக்குத் தகடு வெட்டாம இருந்தது எப்படி மிச்சமாகும்? இந்த வழியில போனா, மெஷின் ஒரு வாரம் நின்னாலே பயன்பாட்டு மாறுபாடு சாதகமா வந்துடும். எத்தனை நல்ல மூடி வெளியே போச்சோ, அத்தனைக்கு எத்தனை கிலோ ஆகணும்னு பார்க்கிறதுதான் ஸ்டாண்டர்ட் அளவு. 4,000 × 2.5 = 10,000. வியாசை போட்டிருக்கிறது சரி. திட்டம் 4,500-ங்கிறது இந்தக் கணக்குக்குள்ள வரவே கூடாது.

இப்போ முதல் பாதி. 36,000-ஆ 31,800-ஆ? ரெண்டும் நடைமுறையில இருக்கு. வித்தியாசம் 4,200. அது குடோன்ல மிச்சம் இருக்கிற 1,400 கிலோ மேல 3 ரூபாய் வீதம். சரக்கு உள்ளே வரும்போதே விலை மாறுபாட்டை ஒதுக்கினா, இருப்பு ஏடு முழுக்க 70 ரூபாயில ஓடும். வாங்கினவர் செஞ்சது அந்த மாசமே தெரிஞ்சுடும். என் விருப்பமும் அதுதான். ஆனா ஒண்ணு கவனிங்க: அப்படிச் செஞ்சா 36,000-ம் லாபத்துல ஏறி உட்கார்ந்துக்கும், 1,400 கிலோ இருப்பு 98,000-ன்னு காட்டும். உண்மையில கொடுத்தது 93,800. வருஷக் கடைசியில அந்த 4,200-ஐ இருப்புலேர்ந்து கழிக்காம விட்டா ஆடிட்டர் கேட்பார். ஸ்டாண்டர்ட் விலையில இருப்பு வைக்கலாம், ஆனா அது உண்மை அடக்கவிலைக்குக் கிட்டத்தட்ட ஒத்துப் போகணும்.

---

மசாலா_மில்_தொண்டை · செவ்வாய் காலை 7:15

நான் மிளகாய்த்தூள் அரைக்கிற மில் வச்சிருக்கேன். புரியாமத்தான் கேட்கிறேன். போன மாசத்துக்கு முந்தின மாசம் தகடு என்ன ரேட்? அதைவிடக் குறைஞ்சிருந்தாத்தானே சாதகம்? மார்க்கெட்டே இறங்கியிருந்தா வாங்கினவர் பெருமைப்பட என்ன இருக்கு? விலை இறங்கினா மூடி ரேட்டையும் இறக்கணுமா?

---

அடக்கவிலை_தண்டையார் · செவ்வாய் காலை 8:02

ஐயா, இங்கே போன மாச ரேட்டோட ஒப்பிடலை. வருஷ ஆரம்பத்துல "இந்தச் சரக்கு இந்த விலைக்குக் கிடைக்கணும்"னு முடிவு பண்ணின 70 ரூபாயோட ஒப்பிடுறோம். விற்பனை ரேட் வேற பேச்சு.

ஆனா நீங்க கேட்ட நடு கேள்வி நல்ல கேள்வி. மார்க்கெட்டே 66-க்கு இறங்கியிருந்தா, 67-க்கு வாங்கினவர் உண்மையில ஒரு ரூபாய் அதிகம் கொடுத்திருக்கார். 3 ரூபாய் சாதகத்தை, மார்க்கெட் தந்தது, ஆள் செஞ்சதுன்னு மறுபடி பிரிக்கலாம். வியாசை, அந்த வாரம் இதே தகட்டுக்கு வேற ஆள்கிட்ட வாங்கின கொட்டேஷன் ஃபைல்ல இருந்தா எடுத்து வையுங்க.

---

மணலி_பர்ச்சேஸ் · செவ்வாய் மதியம் 1:20

நான் வேற கம்பெனியில வாங்குற வேலை பார்க்கிறேன். எதுக்கெடுத்தாலும் பர்ச்சேஸ் மேல பழி போடாதீங்க. 70 இருக்க 67-க்கு வாங்கினது கண்ணுக்கு முன்னாடி தெரியுது. 31,800 அவர் சம்பாதிச்சுக் கொடுத்தது. ஷாப்ல 600 கிலோ அதிகம் போனதுக்கு அவர் என்ன பண்ணுவார்?

---

அடக்கவிலை_தண்டையார் · செவ்வாய் மாலை 6:40

அந்த 31,800-லயே ஒரு சின்ன வேடிக்கை இருக்கு. ஸ்டாண்டர்டா ஆக வேண்டிய 10,000 கிலோ மேல 3 ரூபாய், அதாவது 30,000, சந்தேகமில்லாம விலையோட பங்கு. மீதி 1,800 எங்கேர்ந்து வந்தது? அதிகமாப் போன 600 கிலோ மேல 3 ரூபாய். ஷாப்ல எவ்வளவு அதிகம் போகுதோ, அவ்வளவு வாங்கினவருக்குக் கூடுதல் பெயர்! வழக்கப்படி இந்த மூலைத் துண்டை விலைக்கே விட்டுடுறாங்க. தொகை சின்னது, நானும் விட்டுடுவேன். ஆனா ரெண்டும் பெருசா இருக்கிற மாசத்துல அதைத் தனி வரியாக் காட்டினாத்தான் சண்டை வராது.

எனக்கு இதைவிடப் பெரிய சந்தேகம் ஒண்ணு இருக்கு. விலை சாதகம், பயன்பாடு பாதகம், ரெண்டும் ஒரே மாசம் சேர்ந்து வருது. இப்படி ஜோடியா வந்தா, மலிவுச் சரக்குலதான் ஏதோ இருக்குன்னு முதல்ல பார்க்கணும். தகட்டு வேலை தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.

---

பிரஸ்_மேஸ்திரி · செவ்வாய் இரவு 8:55

கிலோ கிலோன்னு பேசுறீங்களே, ஷாப்ல யாரு தகட்டை நிறுத்து அடிக்கிறாங்க? நாங்க எண்ணித்தான் எடுக்கிறோம். ஒரு தகட்டுக்கு 12 மூடி. அம்மா, மாசத்துல எத்தனை தகடு இஷ்யூ ஆச்சுன்னு ஸ்டோர் சிலிப்பைப் பாருங்க.

1.2-ன்னு பேர் இருந்தாலும் தகடு சரியா 1.2 இருக்காது. கொஞ்சம் கூடக் கொறைய வரும். 2500-க்கு 1250 தகடு சரியா 1.2 இருந்தா 29.44 கிலோ நிக்கணும். சதுர மீட்டர் 3.125, அதை 1.2 ஆலயும் இரும்போட அடர்த்தி 7.85 ஆலயும் பெருக்குங்க, வந்துடும். தடிமன் கூடினா எடை கூடும், மூடி எண்ணிக்கை கூடாது. அதே 12 தான்.

இன்னிக்கே ரெண்டு வேலை பண்ணுங்க. பவுடர் கோட்டிங் போகாத மூடியா 10 எடுத்து நிறுங்க. பெயிண்ட் அடிச்சதை நிறுத்தா அந்த எடையும் சேர்ந்துடும். அப்புறம் மைக்ரோமீட்டர்ல தகட்டை அளங்க. வெட்டின ஓரத்துல வைக்காதீங்க, பிசிர் இருக்கும், அதிகமாக் காட்டும். ஓரத்துலேர்ந்து ரெண்டு விரக்கடை உள்ளே தள்ளி, நாலஞ்சு இடத்துல பாருங்க.

---

வியாசை_கணக்கு · புதன் இரவு 7:30

பார்த்துட்டேன். சிலிப்படி 343 தகடு இஷ்யூ. ஓரத் துண்டெல்லாம் போக டிராயிங்படி ஒரு மூடி 2.1 கிலோ, அப்போ 10 மூடி 21 கிலோ நிக்கணும். தராசு 22 கிலோ 50 கிராம் காட்டுது. ரெண்டு தடவை நிறுத்தேன். மிச்ச தகட்டுல மைக்ரோமீட்டர் 1.25, 1.26, 1.26, 1.27. சூப்பர்வைசர் பக்கத்துலயே நின்னுட்டிருந்தார், ஒண்ணும் பேசலை.

---

அடக்கவிலை_தண்டையார் · புதன் இரவு 9:15

மேஸ்திரி, முடிச்சை அவிழ்த்துட்டீங்க. இப்போ கணக்கு.

10,600 கிலோவை 343 தகட்டால வகுத்தா ஒரு தகடு 30.9 கிலோ. இருக்க வேண்டியது 29.44. 10,000 கிலோ ஸ்டாண்டர்டைத் தகடாக்கினா 339.7. ஷாப் எடுத்தது 343. ஆக அதிகம் போனது 3.3 தகடுதான். அது 97 கிலோ, 70 ரூபாய் வீதம் சுமார் 6,800 ரூபாய். மீதி 503 கிலோ முழுக்கத் தடிமன். 343 தகட்டுல ஒவ்வொண்ணும் ஒன்றரை கிலோ கிட்ட கூடுதல். அது சுமார் 35,200 ரூபாய். ரெண்டும் சேர்ந்து அதே 42,000.

அதாவது சூப்பர்வைசர் தலையில வச்ச 42,000-ல அவர் கை பட்டது 6,800 மட்டும். அவர் வெட்டினதுல தப்பில்லை, அடுக்கினதுல தப்பில்லை. பில் எடையிலயே கூடுதல் கிலோ உள்ளே வந்துடுச்சு.

இதையே கிலோவை விட்டுட்டு தகட்டுக்குக் கணக்குப் பாருங்க. ஸ்டாண்டர்ட் தகடு 29.4375 × 70 = சுமார் 2,060 ரூபாய் 60 காசு. வாங்கின தகடு 30.904 × 67 = சுமார் 2,070 ரூபாய் 60 காசு. மலிவுன்னு வாங்கின தகடு 10 ரூபாய் அதிக விலை! தகட்டு அடிப்படையில விலை மாறுபாடு சுமார் 3,400 பாதகம், பயன்பாட்டு மாறுபாடு சுமார் 6,800 பாதகம். மொத்தம் அதே 10,200. பிரிப்பு மட்டும் தலைகீழ். 31,800 சாதகம்னு பாராட்டு வாங்கினவருக்கு 3,400 பாதகம்.

உங்க சூத்திரத்துல எங்கேயும் தப்பில்லை வியாசை. வாங்குறது எடையில, தேவைப்படுறது பரப்புல. அளக்கிற அலகு கிலோவா இருக்கிற வரைக்கும் இந்தக் கூடுதல் எடை பயன்பாட்டு வரியிலதான் போய் விழும்.

---

மணலி_பர்ச்சேஸ் · புதன் இரவு 10:05

இதை ஒத்துக்க மாட்டேன். 1.2 தகடு 1.26 வந்தா டாலரன்ஸுக்குள்ளதான் இருக்கு. திருப்பி அனுப்ப முடியாது. எடை போட்டு பில் போடுறான், அவன் பொய் சொல்லலை. கிலோ ரேட் பேசுறதுதான் என் வேலை. தடிமனை நான் எப்படிப் பிடிச்சு நிறுத்துறது?

---

பிரஸ்_மேஸ்திரி · புதன் இரவு 10:31

டாலரன்ஸ் ரெண்டு பக்கமும் இருக்கு சார். ஒரு மில் சரக்கு எப்பவும் பிளஸ் பக்கமே வரும், இன்னொண்ணு மைனஸ் பக்கம் வரும். ஸ்டோர்ல இருக்கிறவனுக்குத் தொட்டாலே தெரியும். கிலோ ரேட்ல 3 ரூபாய் விட்டுக் கொடுத்து, எடையில 5 சதவீதம் எடுத்துக்கிட்டா யாருக்கு லாபம்? வண்டி உள்ளே வரும்போது பத்து தகட்டை எண்ணி நிறுத்தா விஷயம் தெரிஞ்சுடும். பில் எடையைத் தகடு எண்ணிக்கையால வகுத்தாலே போதும், மைக்ரோமீட்டர் கூட வேண்டாம்.

மைனஸ் பக்கம் ரொம்பப் போகவும் விடாதீங்க. கஸ்டமர் குறைஞ்சபட்சம் இவ்வளவு தடிமன் வேணும்னு கேட்டிருந்தா மூடி முழுக்கத் திரும்பி வரும்.

---

மசாலா_மில்_தொண்டை · வியாழன் காலை 6:50

இப்போ புரியுது. மிளகாய்லயும் இதே கதைதான். ஈரம் இருக்கிற மிளகாயைக் கிலோ அஞ்சு ரூபாய் கம்மிக்கு எடுப்போம். காய வச்சா நூறுக்கு எட்டு பத்து கிலோ காத்துல போயிடும், காம்பு கிள்ளினா இன்னும் போகும். அரைக்கிற பையன்தான் திருடிட்டான்னு ஒரு பேச்சு வரும். அப்போ நாங்க ஈரத்தைக் கழிச்ச எடையிலதான் ரேட்டு ஒப்பிடணும்?

---

அடக்கவிலை_தண்டையார் · வியாழன் காலை 8:20

ஆமா ஐயா. கொள்முதல் எடையை உலர் எடையாக்கி, அதுல ரூபாயை வகுத்து ஒப்பிடுங்க. ஈரப்பதம் பார்க்கிற மீட்டர் இல்லைன்னா, ஒவ்வொரு லாட்டுலயும் அஞ்சு கிலோ தனியா எடுத்துக் காய வச்சு நிறுத்தாலே தெரியும். அதை வாங்கின அன்னிக்கே செய்யணும். அரைச்ச பிறகு பார்த்தா எல்லா லாட்டும் கலந்துடும்.

---

சிஎம்ஏ_இண்டர் · வியாழன் காலை 9:05

சார், இனிமே 1.26 தான் வருதுன்னா ஸ்டாண்டர்டையே மூடிக்கு 2.62 கிலோன்னு மாத்திடலாமே? மாறுபாடு வராது.

இன்னொரு கேள்வி. அந்தக் கூடுதல் எடை ஸ்கிராப்பா வித்தா திரும்ப வந்துடாதா?

---

அடக்கவிலை_தண்டையார் · வியாழன் மதியம் 12:45

மாத்தினா மாறுபாடு மறையும், பணம் மறையாது. மூடிக்கு 2.62 கிலோன்னு எழுதிட்டா, அடுத்த தடவை 1.2 சரக்கு வரும்போது ஷாப்ல 5 சதவீதம் வீணானாலும் கண்ணுல படாது. டிராயிங்ல 1.2 இருக்கிற வரைக்கும் 2.5-ஐ மாத்தாதே. கஸ்டமரோட பேசி 1.25-ன்னு டிராயிங்கே மாறினா அப்போ மாத்து, மூடி விலையும் சேர்ந்து ஏறணும்.

ஸ்கிராப் கணக்கைத்தான் எல்லாரும் தப்பாப் போடுவாங்க. ஒரு மூடி 105 கிராம் கூடுதல். 4,000 நல்ல மூடியில 420 கிலோ. அது ஸ்கிராப் மூட்டையில இல்லை, மூடியோட சேர்ந்து கஸ்டமர் வீட்டுக்குப் போயிடுச்சு. நீங்க மூடிக்கு இவ்வளவுன்னு விக்கிறீங்க, கிலோவுக்கு இல்லை. 70 ரூபாய் வீதம் 29,400 ரூபாய்ச் சரக்கு இலவசம். ஓரத் துண்டுலயும் ரிஜெக்ட்லயும் கிடைக்கிறது மீதி 83 கிலோதான், அதுவும் ஸ்கிராப் ரேட்டுக்கு.

---

பிரஸ்_மேஸ்திரி · வியாழன் இரவு 8:10

அந்த 3.3 தகட்டையும் விட்டுடாதீங்க. எங்க ஆளுன்னு நான் மறைக்க மாட்டேன். 3 தகடுன்னா 36 மூடி. டை மாத்தும்போது செட்டிங்குக்கு அடிக்கிற துண்டு அதிகமாயிருக்கணும், இல்லைன்னா பஞ்ச் மழுங்கி ஓரம் கிழிஞ்சிருக்கணும். ரிஜெக்ட் குவியல்ல கிழிசல் ஒரே பக்கமா இருந்தா பஞ்ச், வேற வேற இடத்துல இருந்தா தகடு. போய் ஒரு தடவை குவியலைக் கிளறிப் பாருங்க.

---

மணலி_பர்ச்சேஸ் · வியாழன் இரவு 9:30

சரி, கணக்கு புரிஞ்சுது. ஆனா 35,200-ஐ முழுக்க பர்ச்சேஸ் மேல எழுதுறதை நான் ஏத்துக்கலை. என்கிட்ட கொடுத்த ஆர்டர்ல "1.2 மி.மீ., கிலோ ரேட்"னு மட்டும்தான் இருக்கும். "தகடு 29.44-க்கு மேல போனா கணக்கு எடைக்குத்தான் பணம்"னு ஆர்டர்லயே எழுதினாத்தான் பேச முடியும். அப்படி எழுதினா பல வியாபாரி கொட்டேஷனே தர மாட்டான், இல்லைன்னா கிலோவுக்கு ரெண்டு ரூபாய் ஏத்திடுவான்.

---

அடக்கவிலை_தண்டையார் · வியாழன் இரவு 10:20

ரெண்டு ரூபாய் ஏத்தி 69-ன்னு கேட்டாலும், கணக்கு எடையில கொடுத்தா தகடு 2,031 ரூபாய். இப்போ கொடுக்கிறது 2,070. அதையும் பேசிப் பார்க்கலாம்.

யார் மேல எழுதுறதுங்கிறதுல உங்க பக்கமும் நியாயம் இருக்கு. நான் பண்றது, "தடிமன்"னு மூணாவது வரி ஒண்ணு போட்டு, விலை வரிக்குப் பக்கத்துலயே வைக்கிறது. பெயர் யாரோடதுன்னு எழுதறதில்லை. சிலர் அதை நேரா விலை வரியிலயே கழிச்சுடுறாங்க. எது சரின்னு இன்னும் எங்களுக்குள்ள ஒருமிச்ச முடிவு வரலை.

---

வியாசை_கணக்கு · வெள்ளி மாலை 5:55

ரிஜெக்ட் குவியலைப் பார்த்தேன். 31 மூடி கிடக்கு, அதுல 26 இடது கை ஓரத்துல கிழிசல், ஒரே இடம். பஞ்ச் தீட்டப் போயிருக்கு.

உள்ளே வரும் சரக்கு ரசீதுல "தகடு எண்ணிக்கை"ன்னு ஒரு கட்டம் சேர்த்துட்டேன். எடையை அதால வகுத்து, 29.44-க்கு மேல எவ்வளவுன்னு பக்கத்துலயே வரும். பழைய பில்களைப் பார்த்தா மூணு வியாபாரியில ரெண்டு பேரோட பில்லுல தகடு எண்ணிக்கையே போடலை, மொத்த எடை மட்டும்தான் இருக்கு. இருப்புல இருக்கிற 1,400 கிலோ எண்ணிப் பார்த்ததுல 45 தகடு. அதுவும் 31 கிலோ கணக்குத்தான் வருது. அடுத்த மாசம் அதை முதல்ல எடுத்து அடிப்பாங்க, அந்தத் தடிமன் எடையை எந்த மாசத்து வரியில போடுறதுன்னு இப்போ யோசிச்சுட்டிருக்கேன்.